ஐந்து கொள்ளையர், நூறு காசு: கடைசி இருவரிலிருந்து கணக்கைத் தொடங்குவது எப்படி

ஒரு கப்பலில் ஐந்து கடற்கொள்ளையர்கள். கையில் 100 பொற்காசுகள். பங்கு பிரிக்க அவர்கள் வைத்திருக்கும் முறை கொஞ்சம் கொடூரமானது. ஐவரில் மூத்தவன் முதலில் எழுந்து, யாருக்கு எத்தனை காசு என்று ஒரு பங்கீடு சொல்ல வேண்டும். அவனையும் சேர்த்து எல்லோரும் ஓட்டுப் போடுவார்கள். பாதிப் பேரோ அதற்கு மேலோ சம்மதித்தால் பங்கீடு நிறைவேறும். இல்லையென்றால் அவனைக் கடலில் தள்ளிவிடுவார்கள். அடுத்த மூத்தவன் எழுந்து வேறொரு பங்கீடு சொல்வான். மறுபடி ஓட்டு. இப்படியே போகும்.

மூத்தவன் என்ன சொன்னால் உயிரோடும் காசோடும் தப்பிக்கலாம்?

இந்தப் புதிரை முதன்முதலில் ஒரு வேலை நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்டார்கள். "ஆளுக்கு 20 கொடுத்துவிடுவான்" என்றேன். எதிரே இருந்தவர் தலையாட்டவில்லை. பயந்துபோய், "தனக்கு ஒன்றும் வேண்டாம், மற்ற நால்வருக்கும் 25 என்பான்" என்று மாற்றினேன். அதுவும் தப்பு. சரியான விடை, மூத்தவன் 98 காசைத் தானே வைத்துக்கொள்வான் என்பது. மீதி இரண்டு காசை இரண்டு பேருக்கு ஆளுக்கு ஒன்றாகப் போடுவான், அவ்வளவுதான். அந்த இரண்டு பேர் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 98 என்ற எண்ணை எங்கோ கேட்டு ஞாபகம் வைத்திருப்பவர்கள்கூட அந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள்.

முதலில் விதிகளை இறுக்கிக்கொள்ளுங்கள்

விதிகளில் ஒன்றைத் தளர்த்தினாலும் விடை மாறிவிடும். அதனால் கணக்கில் இறங்குவதற்கு முன் கொள்ளையர்களின் மனசு எப்படிப்பட்டது என்று தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொருவனுக்கும் முதல் கவலை தன் உயிர். உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தால், அடுத்த கவலை காசு: எவ்வளவு கூடக் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. உயிரும் காசும் எப்படி ஓட்டுப் போட்டாலும் ஒன்றுதான் என்றால், எதிரே நிற்பவனைக் கடலில் தள்ளுவதையே விரும்புவான். இந்த மூன்றும் இதே வரிசையில்தான். மேலே உள்ளது முடிவு சொல்லாதபோதுதான் கீழே உள்ளதற்குப் போக வேண்டும்.

இன்னும் மூன்று நிபந்தனைகள் உண்டு. எல்லோரும் கணக்கில் புலிகள், அது எல்லோருக்கும் தெரியும். ஒருவனை ஒருவன் துளியும் நம்ப மாட்டான். "இப்போது எனக்கு ஓட்டுப் போடு, பிறகு கவனித்துக்கொள்கிறேன்" என்ற பேச்சுக்கு அந்தக் கப்பலில் மதிப்பில்லை. காசை உடைக்கவும் முடியாது, முழுக் காசாகத்தான் கொடுக்க வேண்டும்.

எண் போடுவதைக் கீழிருந்து தொடங்குங்கள்

இது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் பாதிக் குழப்பம் இங்கேதான் தீர்கிறது. பெரும்பாலானவர்கள் மூத்தவனுக்கு 1 என்று எண் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால், மூத்தவன் கடலுக்குப் போனதும் அடுத்தவன் 1 ஆகிவிடுகிறான். ஒரே ஆளுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புது எண்.

அதற்குப் பதிலாகக் கடைக்குட்டிக்கு 1 என்று போடுங்கள். அவன் ஒன்றாமவன். அவனுக்கு நேர் மூத்தவன் இரண்டாமவன். அப்படியே மேலே போனால், முதலில் பேச எழும் மூத்தவன் ஐந்தாமவன். எத்தனை பேர் கடலில் விழுந்தாலும் மீதி இருப்பவர்களின் எண் மாறாது. இன்னொரு வசதியும் இருக்கிறது: "மூன்று பேர் மிச்சம்" என்றால் பேசுபவன் மூன்றாமவன் என்று யோசிக்காமலே தெரிந்துவிடும்.

ஒரு தாளில் ஐந்து பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே புளியங்கொட்டையோ சில்லறையோ எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது. காசை நகர்த்திப் பார்க்கும்போது கை சொல்லிக் கொடுப்பது கண்ணுக்குப் படாது.

இரண்டு பேர்

ஐந்து பேரைப் பற்றிக் கேட்டிருக்கும்போது இரண்டு பேரிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்? ஐந்தாமவனின் பங்கீட்டுக்கு ஓட்டுப் போடும் ஒவ்வொருவனும் தனக்குள் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: "இவன் போய்விட்டால் எனக்கு என்ன கிடைக்கும்?" அதற்கு விடை நான்காமவனின் பங்கீட்டில் இருக்கிறது. நான்காமவனின் பங்கீட்டுக்கு விடை மூன்றாமவனிடம் இருக்கிறது. இப்படி இறங்கிக்கொண்டே போனால், யாரையும் கேட்காமல் முடிவு செய்யக்கூடிய ஒருவன் வருவான். அவன்தான் இரண்டாமவன்.

இரண்டு பேர் மட்டும் மிச்சம் என்று வையுங்கள். மொத்தம் இரண்டு ஓட்டு. பாதி என்றால் ஒன்று. இரண்டாமவனின் சொந்த ஓட்டே போதும். ஆகவே அவன் 100 காசையும் தானே எடுத்துக்கொள்வான். ஒன்றாமவன் கத்தினாலும் கதறினாலும் பூஜ்யம்தான்.

தாளில் எழுதுங்கள்: இரண்டாமவனுக்கு 100, ஒன்றாமவனுக்கு 0. மேலே வரப்போவது எல்லாம் இந்த வரியில்தான் நிற்கிறது.

மூன்று பேர்

இப்போது மூன்றாமவன் எழுகிறான். மூன்று ஓட்டில் பாதி ஒன்றரை. ஆகவே இரண்டு ஓட்டு வேண்டும். ஒன்று அவனுடையது. இன்னும் ஒரு ஓட்டை விலைக்கு வாங்க வேண்டும். யாரிடம் வாங்கலாம்?

இரண்டாமவன் விற்க மாட்டான். மூன்றாமவன் கடலில் விழுந்தால் அடுத்த நிமிடம் 100 காசும் அவனுக்கு. 99 கொடுத்தாலும் மறுப்பான். 100 முழுவதையும் கொடுத்தால்? அப்போதும் மறுப்பான். இரண்டு வழியிலும் 100தான் கிடைக்கிறது, உயிரும் பத்திரம் என்பதால், மூன்றாவது ஆசையான தள்ளிவிடும் ஆசை முந்திக்கொள்ளும்.

ஒன்றாமவன் நிலைமை வேறு. மூன்றாமவன் போய்விட்டால் தனக்குப் பூஜ்யம் என்று அவனுக்குத் தெரியும். அந்த வரியை நாம் இப்போதுதான் எழுதினோம். ஆகவே ஒரே ஒரு காசு கொடுத்தாலும் அது பூஜ்யத்தைவிட மேல். அவன் சம்மதிப்பான்.

ஒன்றுமே கொடுக்காமல் விட்டால் என்ன? பூஜ்யத்துக்கும் பூஜ்யத்துக்கும் வித்தியாசமில்லை, எனவே அவன் மூன்றாமவனைக் கடலில் தள்ளுவான். அந்த ஒரு காசு தேவைப்படுவது அவன் மனத்தில் இருக்கும் அந்த மூன்றாவது ஆசையால்தான். இந்த ஒரு காசின் காரணம் புரிந்தால் மீதி எல்லாம் தானாக வரும்.

ஆக, மூன்றாமவனுக்கு 99, இரண்டாமவனுக்கு 0, ஒன்றாமவனுக்கு 1.

நான்கு பேர்

நான்கு ஓட்டில் பாதி இரண்டு. நான்காமவனுக்கும் தன் ஓட்டு போக இன்னும் ஒன்றுதான் வேண்டும். இப்போது மேலே எழுதிய வரியைப் பாருங்கள். நான்காமவன் போய்விட்டால் மூன்றாமவனுக்கு 99, இரண்டாமவனுக்கு 0, ஒன்றாமவனுக்கு 1.

மூன்றாமவனின் ஓட்டுக்கு 100 கொடுத்தால்தான் உண்டு. ஒன்றாமவனுக்கு ஏற்கெனவே ஒரு காசு உறுதி, ஆகவே அவனை இழுக்க 2 வேண்டும். இரண்டாமவனுக்கோ ஒன்றும் இல்லை, அவன் ஒரு காசுக்கே வந்துவிடுவான். கடையில் மூன்று விலை எழுதி வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்: 100, 2, 1. மலிவானதைத்தானே வாங்குவோம்.

நான்காமவனுக்கு 99, மூன்றாமவனுக்கு 0, இரண்டாமவனுக்கு 1, ஒன்றாமவனுக்கு 0.

கவனித்தீர்களா? இரண்டு பேர் மட்டும் இருந்தபோது ராஜாவாக இருந்த இரண்டாமவன், இங்கே ஒரு காசுக்குத் தலையாட்டுகிறான். போன கட்டத்தில் யார் வெறுங்கையோடு நின்றானோ அவனே இந்தக் கட்டத்தில் மலிவான கூட்டாளி.

ஐந்து பேர்

ஐந்து ஓட்டில் பாதி இரண்டரை. மூன்று ஓட்டு வேண்டும். தன்னுடையது போக இரண்டு ஓட்டு வாங்க வேண்டும். நான்கு பேர் வரியில் பூஜ்யம் யாருக்கு? மூன்றாமவனுக்கும் ஒன்றாமவனுக்கும். இருவருக்கும் ஆளுக்கு ஒரு காசு. வேலை முடிந்தது.

| மிச்சம் இருப்பவர்கள் | ஐந்தாமவன் | நான்காமவன் | மூன்றாமவன் | இரண்டாமவன் | ஒன்றாமவன் |
|---|---|---|---|---|---|
| 2 பேர் | – | – | – | 100 | 0 |
| 3 பேர் | – | – | 99 | 0 | 1 |
| 4 பேர் | – | 99 | 0 | 1 | 0 |
| 5 பேர் | 98 | 0 | 1 | 0 | 1 |

நேர்முகத் தேர்வில் என் மூன்றாவது முயற்சியில் 98 என்று சரியாகச் சொல்லிவிட்டேன். ஆனால் மிச்சம் இரண்டு காசை இரண்டாமவனுக்கும் நான்காமவனுக்கும் கொடுத்தேன். பூஜ்யக்காரர்களைத் தேடும்போது மூன்று பேர் வரியையும் நான்கு பேர் வரியையும் மனத்தில் கலந்துவிட்டதுதான் காரணம். அப்படிக் கொடுத்தால் ஐந்தாமவனின் கதி என்ன என்று பாருங்கள். இரண்டாமவனுக்கு நான்கு பேர் வரியிலும் ஒரு காசு கிடைக்கும். இங்கும் ஒன்று. சமம் என்றால் தள்ளிவிடுவான். நான்காமவனுக்கு 99 காத்திருக்கிறது, ஒரு காசுக்கு மயங்க மாட்டான். வெறுங்கை மூன்றாமவனும் ஒன்றாமவனும் எதிர்ப்பார்கள். சொந்த ஓட்டு ஒன்றோடு ஐந்தாமவன் கடலில்.

விடையைச் சோதிக்க இதுவே நல்ல வழி. எந்த வரியை எழுதினாலும், காசு கிடைத்த ஒவ்வொருவனின் எண்ணையும் அதற்கு நேர் மேலே உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். கீழ் எண் மேல் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் அவன் ஓட்டு உறுதி. சமமாகவோ குறைவாகவோ இருந்தால் அது எதிர் ஓட்டு. பேசுபவனின் ஓட்டையும் சேர்த்து எண்ணி, பாதியைத் தொடுகிறதா என்று பாருங்கள். அப்புறம் இன்னொரு சோதனையும் உண்டு: யாருக்காவது தேவைக்கு மேல் ஒரு காசு போயிருக்கிறதா? போயிருந்தால் பேசுபவன் ஏமாளி. இந்தக் கப்பலில் ஏமாளிகள் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டோம்.

"அவர்கள் கூட்டுச் சேர மாட்டார்களா?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். கேட்பவர் சரியான இடத்தில்தான் கை வைக்கிறார்.

நான்காமவன் மூன்றாமவனின் காதில் ஓதுகிறான் என்று வையுங்கள்: "அந்த ஒரு காசுக்காகவா அவனுக்கு ஓட்டுப் போடப் போகிறாய்? தள்ளிவிடு. என் முறை வந்ததும் உனக்கு 40 தருகிறேன்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்தாமவன் கடலில் விழுந்த மறு நொடி, நான்காமவனின் கண்ணுக்கு முன்னால் இருப்பது நான்கு பேர் கணக்கு. அங்கே இரண்டாமவன் ஒரு காசுக்கு வரத் தயாராக நிற்கிறான். 40 கொடுத்து மூன்றாமவனை வைத்திருக்க அவனுக்கு என்ன தலையெழுத்து? வாக்கை மீறினால் தண்டிக்கவும் ஆளில்லை. மூன்றாமவனுக்கும் இது தெரியும். ஆகவே அவன் கையில் கிடைக்கும் ஒரு காசை எடுத்துக்கொண்டு ஐந்தாமவனுக்கே ஓட்டுப் போடுவான்.

மிரட்டலுக்கும் இதே கதிதான். "20 கொடுக்காவிட்டால் உன்னைத் தள்ளிவிடுவேன்" என்று ஒன்றாமவன் முறைக்கலாம். ஆனால் ஓட்டுப் போடும் நேரம் வந்தால், தள்ளினால் பூஜ்யம், தள்ளாவிட்டால் ஒன்று. மிரட்டலை நிறைவேற்றினால் அவனுக்கே நஷ்டம். அப்படிப்பட்ட மிரட்டலை நம்பத் தேவையில்லை என்பதைத்தான் ஜெர்மானியப் பொருளியலாளர் ரைன்ஹார்ட் செல்ட்டன் 1965-இல் கோட்பாடாக வடித்தார். ஆட்டத்தின் எந்தக் கிளையில் போய் நின்றாலும், அங்கிருந்து பார்த்தாலும் சரியாக இருக்கும் திட்டம் மட்டுமே செல்லும் என்பது அவர் வாதம். ஆட்டக் கோட்பாட்டில் செய்த பணிக்காக 1994-இல் நோபல் பரிசும் பகிர்ந்துகொண்டார். நாம் மேலே அட்டவணையில் செய்ததும் அதுதான்.

அதே சமயம் வாக்குறுதிக்குக் கொஞ்சம் மதிப்பு வந்தாலும் அட்டவணை சரிந்துவிடும். எழுதிக் கையெழுத்துப் போட்டு, மீறுபவனைத் தண்டிக்க ஒரு வழி இருந்தால், நான்கு பேரும் சேர்ந்து ஐந்தாமவனைத் தள்ளிவிட்டு ஆளுக்கு 25 எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு விதியை மாற்றிப் பார்ப்போம்

பாதி ஓட்டு போதாது, பாதிக்கு மேல் வேண்டும் என்று விதியை மாற்றுங்கள். பின்னிருந்து தீர்க்கும் முறை உங்களுக்கு உண்மையிலேயே கைவந்ததா என்று பார்க்க இதைவிட நல்ல பயிற்சி இல்லை. கீழே படிக்கும் முன் தாளை எடுத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இரண்டு பேர் இருக்கும்போது இரண்டு ஓட்டும் வேண்டும். இரண்டாமவன் 100 காசையும் ஒன்றாமவனிடம் நீட்டினாலும் பயனில்லை. அவனைத் தள்ளினாலும் அந்த 100 ஒன்றாமவனுக்குத்தான். ஆகவே தள்ளுவான். இரண்டு பேர் கட்டம் வந்தால் இரண்டாமவனுக்குச் சாவு நிச்சயம்.

மூன்று பேர் கட்டத்தில் இது தலைகீழாக வேலை செய்கிறது. மூன்றாமவனுக்கு இரண்டு ஓட்டு வேண்டும். இரண்டாமவன் உயிருக்குப் பயந்து காசே வாங்காமல் ஓட்டுப் போடுவான். ஆக மூன்றாமவனுக்கு முழு 100, மற்ற இருவருக்கும் பூஜ்யம். முதல் ஆசையான உயிர், காசை மிஞ்சி வேலை செய்வதை இங்கேதான் முதன்முதலாகப் பார்க்கிறோம்.

நான்கு பேரில் மூன்று ஓட்டு வேண்டும். இரண்டாமவனுக்கும் ஒன்றாமவனுக்கும் ஆளுக்கு ஒரு காசு, நான்காமவனுக்கு 98, மூன்றாமவனுக்கு 0. ஐந்து பேரிலும் மூன்று ஓட்டுதான். மூன்றாமவனுக்கு 1 காசு போதும். இன்னொரு ஓட்டு இரண்டாமவனிடமோ ஒன்றாமவனிடமோ வாங்கலாம், இருவரில் யாரானாலும் விலை 2. ஐந்தாமவனுக்கு மிஞ்சுவது 97. இந்த இடத்தில் ஒரு புது விஷயம் நுழைகிறது: சரியான விடை இரண்டு. இரண்டாமவனுக்கு 2 கொடுத்தாலும் சரி, ஒன்றாமவனுக்கு 2 கொடுத்தாலும் சரி.

மூன்றாவது ஆசையான இரத்த வெறி விதியையும் மாற்றலாம். இது சட்டென்று முடிந்துவிடும். சமமாக இருந்தால் தள்ளாமல் விட்டுவிடுவார்கள் என்றால், பூஜ்யக்காரர்கள் பூஜ்யத்துக்கே ஓட்டுப் போடுவார்கள். ஐந்தாமவன் 100 காசையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான். சமமானால் என்ன செய்வார்கள் என்பது தெரியாவிட்டால், அந்த இரண்டு காசை உயிர்க் காப்பீடாக நினைத்துக் கொடுத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

காசு தீர்ந்துபோனால்

பழைய விதிக்கே திரும்புவோம், பாதி ஓட்டு போதும். ஆட்களைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு ஒழுங்கு தெரியும்: பேசுபவன் தன் எண் ஒற்றையானால் மற்ற ஒற்றை எண்காரர்களுக்கும், இரட்டையானால் மற்ற இரட்டை எண்காரர்களுக்கும் ஆளுக்கு ஒரு காசு கொடுக்கிறான். 200 பேர் வரை இது ஓடும். 200-ஆம் ஆள் 99 பேருக்கு ஒவ்வொரு காசு கொடுத்துவிட்டுத் தனக்கு ஒன்றை வைத்துக்கொள்வான்.

பெரும்பாலானவர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள். ஸ்டீவ் ஓமொஹுண்ட்ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் நிறுத்தவில்லை. அதற்கு மேலே போனால் என்ன ஆகும் என்று பார்த்தார். எனக்கு இந்தப் புதிரில் மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

201-ஆம் ஆளுக்கு 101 ஓட்டு வேண்டும். 100 ஒற்றை எண்காரர்களுக்கு ஒவ்வொரு காசு, அதோடு தன் ஓட்டு. காசு ஒன்றும் மிஞ்சாது, உயிர் மிஞ்சும். 202-ஆம் ஆளுக்கும் 101 ஓட்டுதான். 201-ஆம் ஆளின் கணக்கில் வெறுங்கையாக நின்றவர்களில் 100 பேரைப் பிடித்து அவனும் தப்பிப்பான்.

203-ஆம் ஆள் மாட்டிக்கொண்டான். அவனுக்கு 102 ஓட்டு வேண்டும். 100 காசுக்கு 100 ஓட்டு, தன்னுடையது ஒன்று, ஆக 101. இலவசமாக ஓட்டுப் போட யாருமில்லை. கடல்தான்.

இப்போது 204-ஆம் ஆளைப் பாருங்கள். அவனுக்கும் 102 வேண்டும், அவனிடமும் அதே 100 காசு. ஆனால் 203-ஆம் ஆள் அவனுக்குக் காசில்லாமல் ஓட்டுப் போடுவான். 204 போய்விட்டால் அடுத்துப் பேச வேண்டியது 203, பேசினால் சாவு. அந்த ஒரு பயந்த ஓட்டு 204-ஐக் காப்பாற்றுகிறது.

205-க்கு 103 வேண்டும், கிடைப்பது 101. 204-ஆம் ஆள் தன் முறையில் பத்திரம் என்பதால் சும்மா ஓட்டுப் போட மாட்டான். 206-க்கு 205-இன் ஓட்டு கூடுதலாகக் கிடைக்கும், ஆனாலும் 102தான், 103 வேண்டும். 207-க்கு இருவரின் ஓட்டு சேர்ந்தும் 103, வேண்டியது 104. 208-க்கு முன்னால் சாகப்போகிற மூன்று பேரும் பயத்தில் ஓட்டுப் போடுவார்கள்: 100, 3, தன்னுடையது 1, ஆக 104. தப்பித்தான்.

பிழைப்பவர்கள் 201, 202, 204, 208. 200-ஐக் கழித்தால் 1, 2, 4, 8. அடுத்தது 216, 232, 264, 328, 456. இடையில் சிக்கியவர்கள் எல்லோரும் சாகிறவர்கள்.

500 கொள்ளையர் இருந்தால்? 500-ஆம் ஆளுக்கு 250 ஓட்டு வேண்டும். சாகப்போகிறவர்களான 457 முதல் 499 வரை 43 பேர், 100 காசுக்கு 100 பேர், தன்னுடையது ஒன்று, மொத்தம் 144. போதாது. 499-ஆம் ஆளும் அப்படியே. வரிசையாக 44 பேர் கடலில் விழுந்த பிறகு 456-ஆம் ஆள் எழுந்து, ஒரு காசும் தனக்கு வைத்துக்கொள்ளாமல் உயிரோடு உட்காருவான். ஐந்து பேர் கணக்கில் மூத்தவனுக்கு இருந்த அத்தனை பலமும் அவனிடம் இருந்த காசின் பலம்தான் என்பது இங்கே வெளிச்சமாகிறது.

நிஜ மனிதர்களிடம் இது எடுபடுமா?

ஐந்து நண்பர்களை உட்கார வைத்து விளையாடிப் பாருங்கள். ஒரு காசு கிடைத்தவன் அதை மேசை மேல் விட்டெறிந்துவிட்டு எதிர்த்து ஓட்டுப் போடுவான். 1982-இல் ஜெர்மனியில் வெர்னர் கூத்தும் அவருடைய சகாக்களும் இதைவிட எளிய ஆட்டத்தைச் சோதித்தார்கள். ஒருவர் பங்கு சொல்ல, மற்றவர் ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. பின்னிருந்து கணக்குப் போட்டால் சில்லறையே போதும். ஆனால் இந்த வகைச் சோதனைகளில் மிகச் சிறிய பங்கைப் பலர் மறுத்துவிடுகிறார்கள், பங்கு சொல்பவர்களும் அதை எதிர்பார்த்துத் தாராளமாகவே கொடுக்கிறார்கள். காசைவிட அவமானம் பெரிதாகத் தெரிகிறபோது, நாம் எழுதிய ஆசை வரிசையே மாறிவிடுகிறது. முறை தப்பில்லை, அதற்குள் போட்ட ஆட்கள்தான் வேறு.

உண்மையான கொள்ளையர்களே வேறு மாதிரிதான் பிரித்தார்கள். 1722-இல் ஆப்பிரிக்கக் கரையோரத்தில் கொல்லப்பட்ட பார்த்தலோமியூ ராபர்ட்ஸின் கப்பலில் எழுதி வைத்த ஒப்பந்தம் இருந்தது. எல்லோருக்கும் ஓட்டு உண்டு. கேப்டனுக்கும் அவனுக்கு அடுத்த நிலையில் இருந்த குவார்ட்டர்மாஸ்டருக்கும் ஆளுக்கு இரண்டு பங்கு, பீரங்கித் தலைவனுக்கும் பாய், கயிறுகளைக் கவனித்த போசனுக்கும் ஒன்றரைப் பங்கு, சாதாரண ஆளுக்கு ஒரு பங்கு.

நம் ஐவரை அந்தக் கப்பலில் ஏற்றிப் பார்ப்போம். ஐந்தாமவன் கேப்டன், நான்காமவன் குவார்ட்டர்மாஸ்டர், மூன்றாமவன் போசன், மற்ற இருவரும் சாதாரணக் கொள்ளையர். மொத்தம் ஏழரைப் பங்கு. 100 காசை அதன்படி கூறு போட்டு முழுக் காசாக்கினால் 27, 27, 20, 13, 13. நம் புதிரில் 98 எடுத்தவனுக்கு இங்கே 27. பங்கு விகிதம் கொள்ளைக்குப் போகும் முன்பே முடிவாகிவிடும், அதனால் பேச முதலில் எழுபவனுக்கு எந்தச் சாதகமும் இல்லை. பிடிக்காத கேப்டனைக் கடலில் தள்ளாமலே ஓட்டுப் போட்டு இறக்கிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த மாதமும் இதே ஆட்களோடுதான் அவன் கடலுக்குப் போக வேண்டும், ஆகவே "இரண்டு பேர் மட்டும் மிச்சம்" என்று கணக்கைத் தொடங்க ஒரு கடைசிக் கட்டமே அந்தக் கப்பலில் இல்லை.